“காபி படம் ஒண்ணு வேணும்”

சேலத்தில் ஃப்ளெக்ஸ், ஸ்டிக்கர், லேபிள் ஆகியவற்றை வடிவமைத்துக் கொடுக்கும் எங்களைப் போன்ற கடைகளுக்கு வரும் வேலைகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு பெயரோடு வந்து நிற்கின்றன. ஆடி மாதம் நெருங்கினால் “அம்மன் படம் வேணும்” என்பார்கள்; கோடை தொடங்கினால் “மாம்பழம் படம்” என்பார்கள்; ஏற்காட்டிலிருந்து அழைப்பு வந்தால் அது “காபி படம்” என்றோ “மலை படம்” என்றோ இருக்கும். எந்தப் பாணியில், எந்த அளவில், எந்த உணர்வோடு, எதற்காக என்ற நான்கும் அந்தக் கோரிக்கையில் இருப்பதில்லை. இவற்றில் முதல் மூன்றையும் வாடிக்கையாளரிடம் கேட்கவே கூடாது என்பதும், நான்காவதை மட்டும் விடாமல் கேட்டால் மற்ற மூன்றும் தாமாகவே கிடைத்துவிடும் என்பதும் இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்து நான் உறுதியாக நம்பும் விஷயம். அதை ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பாணியைக் கேட்பதில் என்ன குறை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். “என்ன ஸ்டைல்ல வேணும்?” என்று கேட்டால் பெரும்பாலும் “நல்லா இருக்கணும்” என்றோ “கிராண்டா இருக்கணும்” என்றோதான் பதில் வரும். அந்தப் பதிலைச் சொல்பவரைக் குறை சொல்ல இதில் இடமே இல்லை. படத்தின் பாணிகளைப் பிரித்துப் பெயரிட்டுச் சொல்வது வடிவமைப்பாளரின் வேலையே தவிர, காபித் தோட்டம் வைத்திருப்பவரின் வேலை அல்ல. ஆனால் அதே மனிதரிடம் “இதை எங்கே மாட்டப் போறீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். சுவர் எது, அதன் எதிரில் என்ன மரம் நிற்கிறது, வெயில் எந்நேரம் அங்கே விழும், அந்த வழியாக யார் போவார்கள் என்பது வரை அவர் விவரமாகச் சொல்லிவிடுவார். அவருக்குத் தெரிந்ததைக் கேட்க வேண்டும். அதிலிருந்து நமக்குத் தேவையானதை நாம்தான் கணக்கிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எடுத்துக்கொள்ளும் வேலை ஏற்காட்டில் சிறிய காபித் தோட்டம் ஒன்றை நடத்தும் ஓர் அம்மையாரிடமிருந்து வந்தது. தோட்டத்தின் முகப்பிலேயே வறுத்து அரைத்த தூளை விற்கும் கடை ஒன்றையும் அவர் வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரு புகைப்படத்தை அனுப்பிவிட்டு, “தம்பி, காபி படம் ஒண்ணு போட்டுக் குடுங்க” என்று ஒரு வரி எழுதியிருந்தார். புகைப்படத்தில் கிளை நிறையச் சிவந்த காபிப் பழங்கள் இருந்தன, நல்ல படம்தான். அதை அப்படியே வைத்து, கீழே கடையின் பெயரை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். நான் தொலைபேசியில் அழைத்து, “அக்கா, இதை எங்க வைக்கப் போறீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“ரோட்டு மேலதான் தம்பி. நம்ம கேட்டுக்கு உள்ள, வண்டியில போறவங்களுக்குத் தெரியற மாதிரி. ஆறுக்கு நாலுல இரும்புச் சட்டம் ஒண்ணு சும்மா கிடக்கு.”

“மேல ஏறி வர்றவங்களுக்கா, கீழ இறங்கிப் போறவங்களுக்கா?”

“இறங்கிப் போறவங்கதான் வாங்குவாங்க. ஏறும்போது ஒருத்தரும் நிக்கறதில்ல.”

இந்த நான்கு வரிகளில் அளவு, பார்ப்பவரின் நிலை, பலகை எந்தத் திசையை நோக்கி இருக்க வேண்டும் என்ற அனைத்தும் வந்துவிட்டன. மலைக்கு வந்து ஏரியையும் சேர்வராயன் கோயிலையும் பார்த்துவிட்டு, சேலத்தை நோக்கி இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கப் போகிறவர்தான் இந்தப் படத்தைப் பார்க்கப் போகிறார். வளைவில் திரும்பும்போது ஓட்டுநரின் கண் சாலையை விட்டு விலகாது. எனவே பலகையை வளைவிலோ அதை ஒட்டியோ வைத்துப் பயனில்லை. கேட்டுக்கு முன்னால் நேரான பாதை எவ்வளவு தூரம் இருக்கிறது என்று கேட்டேன். ஏறத்தாழ இரண்டு பேருந்து நீளம் என்று சொன்னார். அதை 25 மீட்டர் என்று எடுத்துக்கொண்டேன்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் வண்டி ஒரு நொடிக்கு எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்கிறது. ஆகவே 25 மீட்டரைக் கடக்க அதற்கு மூன்று நொடிகள் ஆகும். ஆனால் அந்த மூன்று நொடிகளும் படிப்பதற்கு உரியவை அல்ல. நிற்கலாம் என்று முடிவு செய்து, பின்னால் வருபவருக்குச் சைகை காட்டி, இறக்கத்தில் வேகத்தைக் குறைத்து நிறுத்துவதற்கு அந்தத் தூரத்தில் பாதிக்கு மேல் போய்விடும். எனவே படிப்பதற்கு மிஞ்சுவது முதல் ஒரு நொடி மட்டுமே. ஒரு நொடியில் ஒரு சொல்லும் ஒரு பொருளும்தான் மனத்தில் பதியும். கடைப் பெயர், தொலைபேசி எண், “தரமான”, “சுத்தமான” போன்ற அடைமொழிகள் எல்லாம் அந்தப் பலகையில் இருக்கலாமா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கே பதில் சொல்லிவிட்டது.

எழுத்தின் உயரத்துக்குப் பலகை எழுதுபவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் ஒரு கணக்கு உண்டு: பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் இருந்தால் வசதியாகப் படிக்கலாம். 25 மீட்டர் என்பது ஏறக்குறைய 82 அடி. ஆகவே எட்டு அங்குல எழுத்து வேண்டும். எட்டு அங்குல உயரத்தில் “காபித்தூள்” என்று தடித்த எழுத்தில் எழுதினால், ஆறு அடி அகலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை அந்த ஒரு சொல்லே எடுத்துக்கொள்ளும். தமிழில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘பி’யின் மேல்சுழியும் ‘தூ’வின் கீழ்க்கோடும் எழுத்தின் உடலை விட்டு வெளியே நீள்வதால், எட்டு அங்குல எழுத்துக்கு மேலும் கீழும் சேர்த்துப் பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் இடம் விட வேண்டும். புள்ளிகள் தூரத்தில் முதலில் மறைபவை. கணினியில் இருக்கும் பல எழுத்துருக்களில் புள்ளி மிகச் சிறியதாக இருக்கும் என்பதால், ‘த்’, ‘ள்’ இரண்டின் புள்ளிகளையும் கையால் பெரிதாக்கினேன்.

இப்போது மீதமிருக்கும் இடத்தைப் பார்த்தால், அவர் கேட்ட ‘படம்’ பலகை முழுவதையும் நிரப்ப முடியாது என்பது தெரிந்தது. படம் வேண்டும் என்று கேட்டு வருகிறவருக்கு உண்மையில் தேவைப்படுவது எழுத்தாக இருப்பது எங்கள் கடையில் அடிக்கடி நிகழ்வதுதான். ஆனால் இதை முதலிலேயே கணக்கோடு சொல்லாமல், வடிவத்தை முடித்து அனுப்பினால், “படம் கேட்டா எழுத்தப் போட்டு அனுப்பியிருக்கீங்களே” என்ற வருத்தம் வரும். அது நியாயமான வருத்தமும்கூட.

அடுத்து, எந்தக் காபி? அவர் சொன்ன அந்த ஒற்றைப் பொருளுக்குள்ளேயே பல படங்கள் இருக்கின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மழை விழுந்தவுடன் கிளை முழுவதும் மல்லிகை போல வெள்ளையாகப் பூத்துச் சில நாட்களில் உதிர்ந்துவிடும் பூ இருக்கிறது. ஆண்டின் கடைசி மாதங்களில் சிவந்து பறிக்கப்படும் பழம் இருக்கிறது. களத்தில் காயும் கொட்டை, வறுத்த கொட்டை, தூள், நுரை ததும்பும் டம்ளர்-டபரா என்று வரிசை நீள்கிறது. தோட்டக்காரருக்குக் காபி என்றதும் பழம்தான் நினைவுக்கு வரும். அவர் ஆண்டு முழுவதும் அதற்காகத்தான் உழைக்கிறார். ஆனால் ஈரோட்டிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து காரில் இறங்கிச் செல்பவருக்கு, கிளையில் கொத்தாகத் தொங்கும் சிவந்த பழம் ஒரு நொடியில் காபி என்று தெரியாது. ஏதோ மலைப்பழம் என்றே கடந்துவிடுவார். டம்ளரும் டபராவும் மட்டுமே அவருக்கு யோசிக்க நேரமில்லாமலேயே புரியும். ஆகவே சாலையோரப் பலகைக்கு டம்ளர். கையில் எடுத்துப் பார்க்கும் பொட்டலத்துக்குப் பழம். பொட்டலத்தைக் கையில் எடுத்தவருக்கு அது காபி என்பது முன்பே தெரியும்; அங்கே படம் சொல்ல வேண்டியது இது இந்த மலையில் விளைந்தது என்பதைத்தான்.

இணையத்தில் கிடைக்கும் படங்களை இந்த இடத்தில் எடுத்துப் போடுவதில் உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும். காபி என்று தேடினால் பீங்கான் கோப்பையும், மேலே பாலால் வரைந்த இதயமும் வரும். தோட்டம் என்று தேடினால் ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளியில் வரிசை வரிசையாக நிற்கும் செடிகள் வரும். சேர்வராயன் மலையில் காபி நிழலில் வளர்கிறது. மேலே சில்வர் ஓக் மரமும் அதன் உடலைச் சுற்றி ஏறும் மிளகுக்கொடியும் இருக்கும். வெட்டவெளித் தோட்டத்தின் படத்தைப் போட்டால் வாங்குபவர் கவனிக்க மாட்டார் என்பது உண்மைதான். ஆனால் தோட்டக்காரர் பார்த்த கணத்திலேயே “இது நம்ம காடு இல்லையே” என்று சொல்லிவிடுவார். தன் கடையின் முன் தனக்கே அந்நியமாகத் தெரியும் ஒன்றை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது எனக்குச் சரியாகப்படவில்லை. எனவே அவருடைய அடுக்களையிலிருந்த பித்தளை டம்ளர்-டபராவையே சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன்.

அந்தப் படமும் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. நீளப் பக்கத்தில் 1600 பிக்சல் மட்டுமே இருந்தது. “பிக்சல் உடையும், ஒரிஜினல் அனுப்புங்க” என்று உடனே சொல்வது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் அது எப்போது உண்மை என்பதும் தூரத்தைப் பொறுத்ததே. நல்ல பார்வையுள்ள கண் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும். தூரம் கூடக்கூட அதே விகிதத்தில் அந்த அளவும் கூடும். அந்த 1600 பிக்சலையும் பலகையின் முழு அகலமான 72 அங்குலத்துக்கு இழுத்தால்கூட, ஓர் அங்குலத்துக்கு 22 பிக்சல் கிடைக்கும். ஒவ்வொரு பிக்சலும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கும். நான்கு மீட்டருக்கு அப்பால் நிற்பவருக்கு அந்தக் கட்டங்கள் தெரியவே தெரியாது. 25 மீட்டரில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. வண்டியை நிறுத்தி இறங்கிப் பலகையின் அருகே வந்து நிற்பவருக்கு மட்டுமே தெரியும். ஆனால் அவர் வந்து நின்றுவிட்டார் என்றால் பலகை தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். டம்ளர் பலகையில் மூன்றில் ஒரு பங்கு அகலத்தைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறது என்பதால், உண்மையில் அந்தப் படம் தேவைக்கும் அதிகமாகவே தெளிவாக இருந்தது. ஒரிஜினல் கேட்டு அவரை அலைக்கழிக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

உணர்வு என்று சொல்லப்படுவதை நிறமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நிறத்தை இடம் தீர்மானிக்கிறது. காபி என்றதும் எல்லோருக்கும் பழுப்புதான் தோன்றும். அவரும் கைபேசித் திரையில் பழுப்புப் பின்னணியில் தங்க நிற எழுத்து உள்ள ஒரு படத்தைக் காட்டி, இது போல இருக்கலாமா என்று கேட்டிருந்தார். திரையில் அது மிக அழகாக இருந்தது, ஏனென்றால் திரை தானே ஒளி விடுகிறது. சில்வர் ஓக் நிழலில், கரும்பச்சைச் செடிகளுக்கு நடுவில் நிற்கும் வினைல் பலகை தன்மேல் விழும் வெளிச்சத்தை மட்டுமே திருப்பித் தரும். அங்கே பழுப்பும் இலையின் கரும்பச்சையும் வெளிச்சத்தின் அளவில் கிட்டத்தட்ட ஒன்றே. பலகை இருப்பதே தெரியாமல் போகும். போதாததற்கு, ஏற்காட்டில் மூடுபனி இறங்கும் நாட்களில் எல்லா நிறங்களும் வெளுத்து ஒன்றை ஒன்று நெருங்கிவிடும். அதனால் வெளிர்மஞ்சள் பின்னணியும், அதன் மேல் கறுப்பை ஒட்டிய அடர்பழுப்பு எழுத்துமாக மாற்றினேன். காபியின் நிறம் எழுத்தில் தங்கிவிட்டது. பலகை நிழலை விட்டு வெளியே வந்தது. இதைச் சோதிக்க எளிய வழி, வடிவத்தை முழுவதும் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது. நிறம் போன பிறகும் எழுத்து தனியாகத் தெரிகிறது என்றால் பனியிலும் தெரியும். சாம்பலில் சாம்பலாகக் கலந்துவிட்டால் அந்த நிறச்சேர்க்கையைக் கைவிட வேண்டும்.

தூரத்தையும் அச்சடிக்கும் முன்பே சோதித்துவிடலாம். ஆறு அடிப் பலகை 25 மீட்டரில் எவ்வளவு பெரியதாகத் தெரியுமோ, அதே அளவில் கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டரில் பிடித்த கைபேசியில் மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள படம் தெரியும். வடிவத்தை அந்த அளவுக்குச் சுருக்கி அவருக்கு அனுப்பி, “அக்கா, பெருசு பண்ணாம அப்படியே ஒரு தடவ பாத்துட்டு ஃபோனைக் கவுத்து வெச்சுருங்க. என்ன தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க” என்றேன். “காபித்தூள், டம்ளரு” என்று பதில் வந்தது. அவர் சேர்க்கச் சொல்லியிருந்த தொலைபேசி எண்ணை அந்த அளவில் படிக்க முடியவில்லை என்பதை அவரே கவனித்து, அதைக் கேட்டிலேயே சிறிய தகட்டில் தனியாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் வாதாடியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது எனக்கு ஐயம்தான். மூன்று சென்டிமீட்டர் படம் அதை வாதமில்லாமல் முடித்தது.

எல்லோரும் இவரைப் போலக் கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை. “நீங்களே பாத்துப் போடுங்க” என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டிப்பவர்களும் உண்டு. வேறு ஒருவருக்காகச் சொல்ல வந்து, எதற்கென்று தமக்கே தெரியாதவர்களும் உண்டு. அப்போது ஒரே வடிவத்தை மூன்று நிறத்தில் அனுப்புவது பலரும் செய்வது. அதனால் நமக்கு எதுவும் தெரியவருவதில்லை. அவர் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுப்பார், பயன் என்னவென்பது அப்படியே மறைந்திருக்கும். மாறாக, பென்சிலால் மூன்று சிறு கட்டங்கள் வரைந்து, ஒன்றைச் சாலைப் பலகையாகவும், ஒன்றைக் கடைச் சுவருக்கான படமாகவும், ஒன்றைப் பொட்டல லேபிளாகவும் அனுப்பினால், அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதிலேயே பயன் வெளிப்பட்டுவிடும். முடித்த வடிவமாக அல்லாமல் பென்சில் கோடாக இருப்பதும் முக்கியம். கோட்டைப் பார்ப்பவர் நிறத்தைப் பற்றிப் பேசாமல் இடத்தைப் பற்றிப் பேசுவார்.

ஊகம் தவறியிருந்தால் அது எங்கே தவறியது என்பதை முதல் வடிவத்துக்கு வரும் குறையிலிருந்தே அறியலாம். “பேரு சின்னதா இருக்கு” என்றால் நாம் நினைத்ததை விடத் தொலைவிலிருந்து யாரோ பார்க்கப் போகிறார்கள்; எழுத்தை மட்டும் பெரிதாக்கித் திருப்பி அனுப்பாமல், எங்கே மாட்டப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். “டல்லா இருக்கு” என்றால் மாட்டும் இடத்தின் வெளிச்சத்தையோ நிகழ்ச்சியையோ நாம் அறியவில்லை. “இது நம்மளோடது மாதிரி இல்ல” என்றால் பொருளையே தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே நிறத்தையும் எழுத்துருவையும் எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் குறை தீராது.

உண்மையாகவே பயன் எதுவும் இல்லாத, முழுச் சுதந்திரம் தரும் கோரிக்கைகளும் சில உண்டு. விடுதி வைத்திருக்கும் ஒருவர் வரவேற்பறைக்கு “மலை படம்” என்று மட்டும் கேட்டுவிட்டு, மற்றதை ஓவியரிடமே விட்டுவிடலாம். அங்கேயும் சுவரின் அகலம், அதன் கீழே கிடக்கும் சோபா, எதிரிலுள்ள சன்னல் ஆகியவை இருக்கத்தான் செய்கின்றன. ஆறு அடி சோபாவுக்கு மேல் நான்கு அடி அகலப் படம் பொருந்தும். இரண்டு அடிப் படம் தொலைந்துபோகும். அளவைத் தவிர மற்றவற்றில் ஓவியரின் கையைக் கட்டாமல் இருப்பதே அந்த வேலைக்கு நல்லது.

அந்த அம்மையார் முதலில் அனுப்பிய சிவந்த பழங்களின் படமும் வீணாகவில்லை. பலகை நின்ற பிறகு கால் கிலோ பொட்டலத்துக்கு லேபிள் வேண்டும் என்று கேட்டார். இம்முறை “பாக்கெட்டு மேல ஒட்டறதுக்கு” என்று அவராகவே சேர்த்துச் சொன்னார். 7 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள லேபிளை ஒருவர் ஓரடித் தூரத்தில் கையில் பிடித்துப் பார்ப்பார். அங்கே ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 10 சென்டிமீட்டருக்கு அது ஏறத்தாழ 1180 பிக்சல் ஆகிறது. 1600-க்கு 1200 என்றிருந்த அந்தப் படத்தை நெடுக்காக வெட்டி எடுத்தாலும் போதுமானதாக இருந்தது. அதில் மேல் பாதியை மட்டும் பழத்துக்கு ஒதுக்கி, கீழ்ப் பாதியில் நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, பொதி செய்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றுக்கு இடம் விட்டேன். சிக்கரி கலந்த தூளுக்குக் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்பதையும் லேபிளில் போட்டாக வேண்டும் என்பதால், கலந்ததற்கும் கலக்காததற்கும் தனித்தனி லேபிள்களாக இரண்டு ஃபைல்கள் தயார் செய்து அனுப்பினேன்.